‘ஒரு கொம்பு குடு’: வடசென்னைத் தயிர் பாக்கெட் ஒன்றுக்குப் பெயர் வந்த விதம்

வியாசர்பாடியில் ஒரு மளிகைக் கடை. காலை ஆறு மணி. கடைக்காரருக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓர் ஓரமாக நின்று, தயிர் வாங்க வருகிறவர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். “ஒரு தயிர் குடுண்ணே.” “பத்து ரூபா தயிரு ரெண்டு.” “பச்ச பாக்கெட்டு.” “நேத்து குடுத்தியே, அது வேணாம், வேற குடு.” பிராண்டின் பெயரைச் சொல்லிக் கேட்டவர்கள் மிகச் சிலரே. அவர்களும் ஆவின் என்றுதான் சொன்னார்கள். மற்றவர்களுக்குக் கடைக்காரர் கை எதை எடுக்கிறதோ அதுதான் தயிர்.

ஒரு தயிர் பாக்கெட்டுக்குப் பெயர் தேடும் இந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் செங்குன்றம் பக்கம் சிறிய பால் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர். பல ஆண்டுகளாக ஓட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் கேனில் தயிர் போட்டுக்கொண்டிருந்தார். கேனுக்குப் பெயர் தேவையில்லை, ஆள் முகம் போதும். இப்போது 200 கிராம், 500 கிராம் பாக்கெட்டில் இறங்கப் போகிறார். கொடுங்கையூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகியவை அவருடைய லைன். மாதவரத்துக்குப் ‘பால் பண்ணை’ என்றே ஒரு பேர் உண்டு. ஆவினின் பெரிய பண்ணை அங்கேதான் இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் இவருடைய வண்டி தினமும் போக வேண்டும்.

அவர் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தார். ஸ்ரீயில் தொடங்கி, நடுவில் இரண்டு மகள்களின் பெயர்களும் சேர்ந்து, ‘ஃப்ரெஷ்’ என்று முடியும். கடைக்காரர் ஒருவரிடம் அதைச் சொல்லச் சொன்னேன். பாதியில் மூச்சு வாங்கி, “செங்குன்றம் தயிரு” என்று முடித்துக்கொண்டார்.

நீளம் ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல் அந்த ஃப்ரெஷ். உணவு விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்குமான 2018-ஆம் ஆண்டு விதிகளில், வர்த்தகப் பெயரிலேயே ‘ஃப்ரெஷ்’, ‘நேச்சுரல்’, ‘ப்யூர்’ மாதிரியான அடைமொழி இருந்து, அது வாங்குபவரைத் தவறாக நினைக்கவைக்கும் என்றால், லேபிளில் ஒரு மறுப்பு வாசகம் போட வேண்டும் என்று இருக்கிறது. ‘இது வெறும் வர்த்தகப் பெயர், பொருளின் உண்மையான தன்மையைக் குறிப்பதல்ல’ என்பது அதன் சாரம். எழுத்து உயரம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதே விதிகள் ‘ஃப்ரெஷ்’ என்ற சொல்லைக் கழுவியது, தோல் சீவியது, நறுக்கியது, குளிரவைத்தது என்ற அளவோடு நிற்கும் பொருளுக்குத்தான் விட்டுவைத்திருக்கின்றன. பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றிச் செய்யும் தயிர் அந்த வகையில் வராது.

“அண்ணே, முன்னாடி ஃப்ரெஷ்னு போட்டுட்டு, பின்னாடி ‘அப்படியெல்லாம் இல்ல’ன்னு போடணும்” என்றேன்.

“அதுக்கு ஒண்ணும் போடாமயே இருக்கலாமே தம்பி” என்றார். அந்தப் பெயர் அங்கேயே போயிற்று.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தயிரை ‘ஃப்ரெஷ்’ என்பதே எனக்குக் கொஞ்சம் கோணலாகப் படுகிறது. பால் இன்று காலையில் கறந்ததாக இருந்தால் நல்லது. நல்ல தயிர் என்பதோ எப்போதுமே நேற்றைய பால்தான். வாங்குகிற அம்மா கேட்பது புதுசா என்றல்ல, ‘புளிக்காம இருக்குமா’ என்றுதான். கேள்வி வேறாக இருக்கும்போது பெயரில் போய் பதில் சொல்ல முடியாது.

பெயரில் ‘தயிர்’ என்ற சொல்லும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பொருளின் பெயர் எப்படியும் பாக்கெட்டில் தனியாக வந்தே தீரும். 2023 மார்ச்சில் இந்தச் சொல்லுக்காகவே பெரிய சண்டை நடந்தது நினைவிருக்கலாம். பாக்கெட்டில் ‘தஹி’ என்று முதன்மையாகப் போடு, தயிரையும் மொசருவையும் அடைப்புக்குறிக்குள் போடு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்ல, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எதிர்ப்பு கிளம்பி, அந்த மாத முடிவுக்குள் ஆணையம் இறங்கிவந்தது. ‘கர்ட்’ என்பதோடு அந்தந்த ஊர்ச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆயிற்று. ஆக, ‘தயிர்’ தன் இடத்தில் தானாக இருக்கும். பிராண்டின் பெயர் அதைத் திரும்பச் சொல்லி இடத்தை அடைக்க வேண்டியதில்லை.

நான் பட்டியல் போட ஆரம்பிப்பதற்குள் பெரியவரின் மைத்துனர் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, பாக்கெட் ஃபிலிமில் அதை அச்சடிக்கப் பிளேட்டும் செய்யக் கொடுத்துவிட்டார். பெயர் ‘கெட்டி’. குறை சொல்ல முடியாத பெயர் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. இரண்டே எழுத்து மாதிரி ஒலிக்கும், எல்லோருக்கும் புரியும், தயிருக்கு அதைவிடப் பாராட்டு இல்லை. ஒரு சாயங்காலம் சோதனை ஓட்டம் ஓட்டினார்கள். நானும் போயிருந்தேன்.

பாக்கெட் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் அன்று நடந்தது புரியும். ஃபிலிம் பெரிய ரோலாக வரும். அதில் ஒரே படம் அடுத்தடுத்து அச்சாகி இருக்கும். மெஷின் அதை இழுத்துக் குழாய் மாதிரி மடித்து, முதுகுப் பக்கம் நெடுக ஒட்டும். அடியை ஒட்டி, உள்ளே 43 டிகிரி சூட்டில் உறை கலந்த பாலை விட்டு, மேலே ஒட்டி வெட்டும். பாக்கெட் தயிர் பாக்கெட்டுக்குள்ளேயேதான் உறைகிறது. எங்கே வெட்டுவது என்று மெஷினுக்குச் சொல்வது ஃபிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் ஒரு சின்னக் கருப்புக் கட்டம். மின்கண் அதைப் பார்த்து நிறுத்தும். கண்ணில் பால் தெறித்தாலோ, ஃபிலிம் கொஞ்சம் இழுபட்டாலோ, வெட்டு ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழும்.

அன்று அப்படித்தான் தள்ளி விழுந்தது. மைத்துனர் பெயரைப் பெரிதாக, பாக்கெட்டின் மேல் விளிம்பை ஒட்டிப் போட்டிருந்தார். மேல் ஒட்டு எழுத்துகளின் தலையில் விழுந்தது. ‘கெட்டி’யில் மற்ற எழுத்துகளைவிட உயரமாக நிற்பவை இரண்டு: நடு ட்-இன் புள்ளி, கடைசி டி-யின் சுழி. இரண்டும் போயின. புள்ளி போனால் பாதகமில்லை, தமிழ் படிக்கிறவன் தானே போட்டுக்கொள்வான். சுழி போனால் அப்படி இல்லை. வரிசையாக வந்து விழுந்த பாக்கெட்டுகளில் எல்லாம் ‘கெட்ட’ என்றும், அதற்குக் கீழே ‘தயிர்’ என்றும் இருந்தது.

மெஷின் ஓட்டுகிற பையன்தான் முதலில் படித்தான். சிரிக்கலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்து, இழுவையைச் சரிசெய்தால் அந்தக் கோளாறு போய்விடும் என்று மைத்துனர் வாதாடினார். உண்மைதான். பெயரைப் பாக்கெட்டின் நடுவுக்கு இறக்கினாலும் போய்விடும். நடுவில் வேறு ஆபத்து இருக்கிறது. தயிர் பாக்கெட் பலகை மாதிரி நிற்பதில்லை. ட்ரேயில் ஒன்றின் மேல் ஒன்று அமுங்கிக் கிடக்கும், மடிப்பு விழும், ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வந்ததும் முத்து முத்தாக வியர்க்கும். ஃபிலிமில் படம் அடிக்கும் ஃப்ளெக்ஸோ அச்சில் மெல்லிய கோடுகளும் சின்ன ஓட்டைகளும் மையில் அடைபடும். சுழியை நம்பி நிற்கிற ஒரு பெயர், அந்தச் சுழி போனால் நேர் எதிர்ப்பொருள் தருகிற பெயர், பாக்கெட்டுக்கு ஆகாது. இன்னொரு காரணமும் உண்டு. கெட்டித் தயிர் என்பது எல்லோரும் சொல்கிற வர்ணனை. பொருளின் தன்மையை மட்டும் சொல்லும் சொல்லை ஒருவருக்கே சொந்தமாக்க 1999-ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இடம் கொடுக்காது. காலப்போக்கில் அது உங்களையே குறிக்கிறது என்று நிரூபித்தால் வேறு கதை. நேற்று கடை போட்டவருக்கு அது முடியாது. பிளேட் செலவு போனதுதான் போயிற்று.

அதன் பிறகு ஒழுங்காக உட்கார்ந்தோம். ஒவ்வொரு பெயரையும் மூன்று வாக்கியங்களில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். முதலாவது, கடைக்கு அனுப்பப்பட்ட எட்டு வயதுப் பிள்ளை கேட்கிற வாக்கியம். இரண்டாவது, விடிகாலையில் கடைக்காரர் ஏஜென்டுக்குப் போனில் சொல்கிற வாக்கியம். மூன்றாவது, தயிர் புளித்துப்போன அன்று வாடிக்கையாளர் திட்டுகிற வாக்கியம். பெரும்பாலான நல்ல பெயர்கள் மூன்றாவதில்தான் செத்துப்போகும். ‘அமுது’ என்று வைத்துக்கொள்ளுங்கள். “இன்னா உன் அமுது, வாயில வைக்க முடியல” என்று ஒருமுறை கேட்டால் அந்தப் பெயர் கிண்டலாகிவிடும். பெயர் எவ்வளவு உயரத்தில் ஏறி நிற்கிறதோ, புளித்த நாளில் அவ்வளவு உயரத்திலிருந்து விழும்.

எனக்குப் பிடித்திருந்த பெயர் ‘ஏடு’. தயிரின் மேல் படியும் ஆடைக்குப் பழைய சொல். குட்டியான பெயர், அழகான எழுத்து. கொருக்குப்பேட்டையில் ஒரு கடைக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் வீட்டில் தெலுங்கு. “ஏடுன்னா எங்க பாஷையில அழுன்னு அர்த்தம் தம்பி. காலங்காத்தால வந்து அழு குடுன்னு கேக்கறதா?” என்றார். தெலுங்கில் ஏழு என்பதும் அதே ஒலிதான், ஆனால் காதில் முதலில் விழுவது அழுகை. வடசென்னையில் தமிழை மட்டும் வைத்துப் பெயர் தேர்ந்தெடுத்தால் பாதித் தெருவை மறந்ததாக ஆகும் என்று அன்று உறைத்தது.

தயிர் வைக்கும் பாத்திரங்களைத் தேடினோம். ‘தாழி’ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பெரியவரின் கல்லூரி போகும் மகள் “முதுமக்கள் தாழியா அங்கிள்?” என்றாள். ‘பானை’ ஒரு கட்சிக்குச் சின்னம். தவிர, பிளாஸ்டிக் பாக்கெட்டில் உறைந்த தயிருக்குப் பானை என்று பேர் வைப்பது பொய். ‘செம்பு’ தெலுங்கிலும் அதே செம்புதான், ஆனால் நம் ஊர்ப் பையன்கள் வாயில் அது சொம்பு, சொம்பு தூக்குகிறவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். விடிகாலையைக் குறிக்கக் ‘காலை’ என்றோம். ல-வும் ள-வும் ஒன்றாக ஒலிக்கிற இடத்தில் அது காளை. காளை கறக்காது.

‘உறை’யும் பட்டியலில் இருந்தது. உறை ஊற்றுவதற்கு உறை, பாக்கெட்டுக்கும் உறை. காகிதத்தில் பார்க்க இதைவிடச் சாமர்த்தியமான பெயர் கிடையாது. வாயில் போட்டுப் பார்த்தால் இடறியது. வெறும் ‘உறை’ என்று கேட்டால் தலையணை உறையா, கத்தி உறையா, வேறு எதுவா என்று கடை வாசலில் நிற்கும் பையன்கள் சிரிக்க இடம் கொடுக்கும். விட்டுவிட்டேன். அந்தச் சொல் வேறு வழியாகத் திரும்பி வந்தது, சொல்கிறேன்.

‘கொம்பு’ யாருடைய யோசனை என்று இப்போது சண்டை. பெரியவர் தன்னுடையது என்கிறார். லோகோவுக்காக மாட்டுத் தலை வரைந்து, அதை எளிமையாக்கி எளிமையாக்கிக் கடைசியில் இரண்டு வளைகோடுகள் மட்டும் மிஞ்சியபோது, “கொம்பு மட்டும்தான் இருக்குது” என்று அவர் சொன்னது உண்மை. அதைப் பெயராக நோட்டில் எழுதியது நான்.

மூன்று வாக்கியங்களிலும் வைத்தோம். “மாமா, ஒரு கொம்பு குடு.” சரி. “கொம்பு ரெண்டு ட்ரே போடுப்பா.” சரி. வண்டிச் சத்தத்திலும் ‘ம்பு’ என்று உதடு மூடித் திறப்பது காதுக்குத் தெளிவாகக் கிடைக்கிறது. “இன்னைக்குக் கொம்பு புளிச்சிருச்சு.” குற்றம் தயிரின் மேல் நிற்கிறது, பெயரை இழுத்துக் கிண்டலாக்கவில்லை. தெலுங்கில் கொம்மு, பக்கத்துச் சொல்தான். அச்சில் புள்ளி அடைபட்டாலும் கொம்பு கொம்புதான், கடைசி எழுத்தின் வால் வெட்டுப்பட்டாலும் கெட்ட பொருள் வராது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இரண்டு வளைகோடுகள் போதும். கடைக்காரர் ஒருவர், “உங்க தயிருக்கு மட்டும் இன்னா கொம்பா முளைச்சிருக்கு?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துத் தட்டியில் போட்டோம், அவருக்கு இரண்டு ட்ரே இலவசம்.

பெரியவரின் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. முட்டுகிற மாதிரி இருக்கிறதாம். இன்றுவரை ‘நம்ம தயிரு’ என்றுதான் சொல்கிறார்.

நிறத்தில் அதிகம் யோசிக்கவில்லை. நீலம், பச்சை, ஆரஞ்சு மூன்றும் இந்த ஊரில் ஆவின் பாலுக்கு மக்களே வைத்துக்கொண்ட பெயர்கள். அவற்றில் ஒன்றைப் போட்டால் “பச்ச குடு” என்பவருக்கு நம்முடையதைத் தள்ளிவிடலாம் என்று மைத்துனர் கண் சிமிட்டினார். அப்படிச் சம்பாதிக்கிற வாடிக்கை மறுநாளே போய்விடும், வழக்கும் வரலாம். மெரூன் போட்டோம்.

பெயர்த் தேடல் இரண்டு இடத்தில் நடக்க வேண்டும். முதலாவது வர்த்தகச் சின்னப் பதிவகத்தின் இணையத் தேடல். பாலும் பால் பொருட்களும் 29-ஆம் வகுப்பு. எழுத்தை வைத்தும் தேட வேண்டும், ஒலியை வைத்தும் தேட வேண்டும். தமிழ் க-வை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதலாம், ப-வையும் இரண்டு விதமாக எழுதலாம் என்பதால் ஒரு பெயருக்கு நான்கு எழுத்துக்கூட்டலாவது போட்டுப் பார்க்க வேண்டும். ஜப்பானியர் சமைக்கும் கடற்பாசி ஒன்றுக்கும் ஆங்கில எழுத்தில் நம் கொம்புதான் பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. பதப்படுத்திய கடற்பாசியும் 29-ஆம் வகுப்புதான். தயிர் வாங்க வருகிறவர் யாரும் கடற்பாசியை நினைக்கப் போவதில்லை என்பதால் கவலைப்படவில்லை. வகுப்பு ஒன்றாக இருப்பதாலேயே மோதல் என்றாகிவிடாது. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் ‘நந்தினி’க்கும் பெங்களூரில் ‘நந்தினி’ என்ற பேரில் ஓட்டல் நடத்தியவர்களுக்கும் நடந்த வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஓட்டல்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பாலும் பால் பொருட்களும் மட்டும் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் பாலுக்கு எதிரே பால், தயிருக்கு எதிரே தயிர் என்றால் அந்தத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது.

இரண்டாவது இடம் தெரு. பதிவு செய்யாமலே பத்து வருடமாக ஒரு பெயரில் தயிர் விற்பவர் இருக்கலாம். அவர் இணையத்தில் தெரிய மாட்டார், ஆனால் முன்பே பயன்படுத்தியவர் என்ற உரிமை அவருக்கு உண்டு. அதனால் மூன்று நாள் விடிகாலையில் மூலக்கடை, பெரம்பூர், ராயபுரம் பக்கம் ஏஜென்டுகள் ட்ரே இறக்கும் இடங்களில் சுற்றி, பாக்கெட்டுகளைப் படம் எடுத்தோம். கொம்பு என்று எதுவும் கண்ணில் படவில்லை.

விற்பனை தொடங்கியது ஏப்ரலில். மே இரண்டாவது வாரத்தில் அடி விழுந்தது. திருவொற்றியூர் லைனில் ஒரே நாளில் கடைக்குக் கடை புகார். பெரியவர் போனில், “பேரை மாத்திடலாமா தம்பி?” என்றார். குரல் உடைந்திருந்தது.

முதலில் பாக்கெட்டைப் பார்க்கலாம் என்றேன். திரும்பி வந்த பாக்கெட்டுகள் உப்பியிருக்கவில்லை. உப்பியிருந்தால் உள்ளே ஈஸ்ட்டோ கோலிஃபார்ம் பாக்டீரியாவோ புகுந்து வாயு கிளப்பியிருக்கிறது, குற்றம் பண்ணையின் சுத்தத்தில் என்று பொருள். தண்ணீர் பிரிந்து தயிர் துண்டு துண்டாக உடைந்திருந்தால், முழுதாக உறைவதற்குள் யாரோ ட்ரேயை ஆட்டியிருக்கிறார்கள். இவை நன்றாக உறைந்திருந்தன, புளிப்பு மட்டும்தான். ஆக, உறைந்த பிறகு போதுமான அளவு குளிரவில்லை, அல்லது வெயிலில் நின்றிருக்கிறது. விசாரித்ததில், குளிர் அறையில் இடம் போதாமல் அந்த லைனுக்கான ட்ரேக்கள் கதவோரம் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் இருந்த பாக்கெட்டுகள் 5 டிகிரிக்கு இறங்கவே இல்லை. கிருமிகள் வண்டியிலும் வேலை செய்துகொண்டே போயிருக்கின்றன.

அதைச் சரிசெய்வது அவர் வேலை. என் வேலையில் ஒரு தவறு இருந்தது, அது அப்போதுதான் வெளியே வந்தது. புகார் சொன்னவர்களில் பலர் புளிப்போடு இன்னொன்றும் சொன்னார்கள்: “நேத்து தயிர குடுத்துட்டாங்க.” பாக்கெட்டில் கிழமையைப் பெரிதாகப் போடச் சொன்னது நான்தான். தேதியை யாரும் படிப்பதில்லை, கிழமையைப் படிப்பார்கள் என்பது என் கணக்கு. முதலில் ஓரெழுத்தாகப் போட்டு, ‘வி’யும் ‘வெ’யும் புள்ளி அச்சில் ஒன்றாகத் தெரிந்து குழம்பி, முழுச் சொல்லாக மாற்றியிருந்தோம். திங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாக்கெட் போட்டு, இரவு பதினொரு மணிக்கு உறைந்து, குளிர்ந்து, செவ்வாய் விடிகாலை நாலு மணிக்கு வண்டி ஏறுகிறது. பாக்கெட்டில் ‘திங்கள்’. செவ்வாய்க்கிழமை காலையில் அதைப் பார்க்கிறவருக்கு அது பழைய தயிர். ‘செவ்வாய்’ என்று போட்டுவிடலாமே என்று மைத்துனர் சொன்னார். பாக்கெட் போட்ட தேதி உண்மையாக இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் வேறு கிழமை போட முடியாது, போடவும் கூடாது.

பெரியவரின் மனைவி அதுவரை இந்தப் பேச்சில் கலந்துகொண்டதே இல்லை. “வீட்ல நைட்டு உறை ஊத்துனா காலைல அத யாரு பழசுன்னு சொல்வா?” என்றார்.

அன்றே பாக்கெட்டில் கிழமையும் தேதியும் அடிக்கும் கோடர் மெஷினில் வாசகத்தை மாற்றினோம். கிழமைக்குப் பதில், ‘திங்கள் இரவு உறை ஊற்றியது’. தேதி, பேட்ச் எண், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் வழக்கம்போல அதற்குக் கீழே. சாயங்காலம் ஆறு மணி இரவா என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான். பால் விடுவதை ஏழரைக்குத் தள்ளி, அதற்கேற்ப வண்டியை ஐந்தரைக்கு மாற்றினார் பெரியவர். குளிர் அறைக்கு இன்னொரு ரேக் வந்தது. கோடர் ஃபிலிம் மடிவதற்கு முன்னால், காய்ந்த நிலையிலேயே அடிக்கும்படி இடம் மாற்றப்பட்டது. இல்லாவிட்டால் வியர்வையில் மை இழுவிவிடும்.

சின்னத்துக்கான விண்ணப்பம் 29-ஆம் வகுப்பில் தனிநபர் கட்டணமான 4,500 ரூபாய் கட்டிப் போட்டாயிற்று. பதிவகத்தின் சோதனை அறிக்கை வர வேண்டும், பிறகு அவர்களுடைய இதழில் வெளியாகி நான்கு மாதம் எதிர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டும். அதுவரை பாக்கெட்டில் டிஎம் என்று போடலாம், வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது, பதிவாகாமல் போட்டால் அது குற்றம். மைத்துனர் அடுத்த ரோலுக்கு வட்ட ஆர் போட்டே டிசைன் அனுப்பியிருந்தார். அதை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.